சூடான உலோகக் கட்டை ஆறும் வேகத்திலிருந்து h கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகளாகச் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறேன். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. மாணவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே கட்டைதான்: பக்கம் 30 மில்லிமீட்டர் உள்ள அலுமினியக் கனசதுரம். நடுவரைக்கும் போகும் 2 மில்லிமீட்டர் துளையில் ஒரு தெர்மோகப்பிள். மெல்லிய நூலில் தொங்குகிறது, எதிரே ஒரு மேசை விசிறி.

சார், h-ன்னா உண்மையில என்ன? அலுமினியத்தோட பண்பா?

இல்லை. அலுமினியத்தின் அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் அட்டவணையில் பார்க்கலாம், h-ஐப் பார்க்க முடியாது. கட்டையின் மேற்பரப்புக்கும் அதைச் சுற்றி ஓடும் காற்றுக்கும் இடையே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கைமாறுகிறது என்பதன் அளவு அது. ஒரு சதுர மீட்டர் பரப்பில், மேற்பரப்பு காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், எத்தனை வாட் வெளியேறும்? அந்த எண்தான் வெப்பமாற்றக் கெழு h. இந்தப் பக்கத்தில் h 30 என்று வெறும் எண்ணாகச் சொன்னால் அலகு `W/m²K` என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசிறியை ஒரு அடி தள்ளி வைத்தால் h மாறும். கட்டையைத் திருப்பித் தொங்கவிட்டாலும் கொஞ்சம் மாறும். அதனால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்து வெப்பம் எவ்வளவு போச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

கட்டையே ஒரு வெப்ப உண்டியல். நம் கட்டையின் எடை 72.8 கிராம், அலுமினியத்தின் தன்வெப்பம் கிலோவுக்கு 900 ஜூல். இரண்டையும் பெருக்கினால் 65.5. கட்டை ஒரு டிகிரி இறங்கும்போதெல்லாம் உண்டியலிலிருந்து 65.5 ஜூல் வெளியே போயிருக்கிறது. எத்தனை நொடியில் ஒரு டிகிரி இறங்கியது என்று தெரிந்தால் எத்தனை வாட் என்று தெரிந்துவிடும்.

அந்த வெப்பம் வெளியேற ஒரே வழி மேற்பரப்பு. ஆகவே சமன்பாடு இவ்வளவுதான்:

```
m c dT/dt = -h A (T - Ta)
```

`Ta` என்பது காற்றின் வெப்பநிலை. h மாறாமல் இருந்தால் `T - Ta` என்ற வித்தியாசம் அடுக்குக்குறி விதிப்படி தேயும். அதன் இயல் மடக்கையை, அதாவது `ln(T - Ta)`-வை, நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். கோட்டின் சரிவு `hA/mc`.

ஒரு தடவை எண் போட்டுக் காட்டுங்க.

கட்டையை அடுப்பில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, விசிறி முன் தொங்கவிட்டு, 80 டிகிரிக்கு வந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டேன். காற்று 30.0 டிகிரி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகள்: 80.0, 67.1, 57.4, 50.2, 45.1, 41.2. காற்றின் 30-ஐக் கழித்தால் 50.0, 37.1, 27.4, 20.2, 15.1, 11.2. ஒவ்வொன்றும் முந்தையதில் ஏறத்தாழ 74 விழுக்காடு. இந்த விகிதம் மாறாமல் இருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டால் பாதி நிம்மதி.

மிச்சத்தைக் கணினி செய்யட்டும்:

```python
import numpy as np
t = np.array([0, 120, 240, 360, 480, 600])
T = np.array([80.0, 67.1, 57.4, 50.2, 45.1, 41.2])
Ta = 30.0
m, c, A = 0.0728, 900, 0.0054
s = -np.polyfit(t, np.log(T - Ta), 1)[0]
print(s, s*m*c/A)
```

சரிவு நொடிக்கு 0.0025, h 30.3. `A` என்பது ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு, 54 சதுர சென்டிமீட்டர். கட்டையை மேசைமேல் வைத்துவிட்டு ஆறு முகமும் போடுகிறவர்கள் உண்டு. அடிமுகம் காற்றையே பார்க்காதபோது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்க்காமல் விட்டாலும் மேசைக்குப் போகும் வெப்பம் கணக்கில் வராமல் போகும். தொங்கவிடச் சொல்வது அதனால்தான்.

முதல் அளவும் கடைசி அளவும் போதாதா? எதுக்கு இத்தனை?

விடை வரும். ஆனால் கோடு நேராக இருந்ததா, வளைந்திருந்ததா என்று தெரியாது. கீழே வரப்போகும் பிழைகளில் பாதி அந்த வளைவில்தான் முகம் காட்டும்.

80-ல தொடங்கணும்னு கட்டாயமா? முதல் நிமிஷ அளவுகள் ஒத்தே வர மாட்டேங்குதே?

எங்கே தொடங்கினாலும் சரிவு ஒன்றுதான். அதனால் முதல் நிமிடத்தைத் தாராளமாக வெட்டி எறியலாம். கையால் ஆட்டியது, அடுப்பிலிருந்து விசிறிக்குக் கொண்டுவந்தது எல்லாம் அந்த நிமிடத்தில்தான் கலந்திருக்கும்.

ஆனால் கொதிநீரில் சூடாக்கியவர்களுக்கு வேறு சிக்கல். கட்டையில் அரை கிராம் தண்ணீர் ஒட்டியிருந்தாலே போதும், அது ஆவியாகும்போது 1,100 ஜூலுக்கு மேல் இழுத்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதியைக் கொடுப்பது நம் கட்டை. உண்டியல் கணக்கில் பார்த்தால் பதினேழு பதினெட்டு டிகிரிக்குச் சமம். வரைபடம் முதலில் செங்குத்தாக இறங்கி, காய்ந்ததும் திடீரென்று சாய்வு குறையும். ஒரு மாணவி இதை வைத்து h 70 என்று எழுதிக்கொண்டு வந்தார். துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்தபோது பாதிக்கும் கீழே வந்தது. நீரில் சூடாக்குவதானால் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிச் சூடாக்குங்கள்.

துளையில ஒரே இடத்துலதான் அளக்குறோம். கட்டை முழுக்க அதே வெப்பநிலைன்னு எப்படி நம்புறது?

நம்ப வேண்டாம், சோதிக்கலாம். வெப்பம் கட்டைக்குள் கடந்து வருவது எளிதா, மேற்பரப்பிலிருந்து காற்றுக்குத் தாவுவது எளிதா என்பதுதான் கேள்வி. இரண்டையும் ஒப்பிடும் எண்ணுக்குப் பியோ எண் என்று பெயர்: `Bi = h L / k`. இங்கே `L` என்பது கன அளவைப் பரப்பால் வகுத்தது, நம் கட்டைக்கு 5 மில்லிமீட்டர். `k` உலோகத்தின் வெப்பங்கடத்து திறன், 6061 வகை அலுமினியத்துக்கு 167. பியோ எண் 0.0009 வருகிறது. 0.1-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது வழக்கம். நமக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கட்டை காற்றைவிட 50 டிகிரி சூடாக இருக்கும்போதும் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 0.05 டிகிரி அளவில்தான் இருக்கும்.

h தெரியாமல் பியோ எண் எப்படி என்று சிலர் மடக்குவார்கள். முதலில் h-ஐக் கண்டுபிடியுங்கள், பிறகு அதையே போட்டுப் பாருங்கள். பொருந்தினால் சரி. துருப்பிடிக்காத எஃகின் `k` சுமார் 15தான், ஆனாலும் விசிறிக் காற்றில் 0.01 வரும், பாதகமில்லை. அதே அளவு பிளாஸ்டிக் கட்டையில் 0.7-ஐத் தாண்டும். அங்கே இந்த முறை செல்லாது.

காற்றோட வெப்பநிலையை ஒரு டிகிரி தப்பா எடுத்தா என்ன ஆகிடப் போகுது?

நிறைய ஆகும். மேலே உள்ள நிரலில் `Ta`-வை 29 என்று மாற்றி ஓட்டுங்கள். h 30.3-லிருந்து 29.0-க்கு இறங்கும். ஒரு டிகிரிக்கு நாலு விழுக்காடுக்கும் மேல். தொடக்கத்தில் வித்தியாசம் 50, அதில் ஒன்று கூடினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைசியில் வித்தியாசம் 11, அதில் ஒன்று கூடினால் கோட்டின் வாலே தூக்கிக்கொள்ளும். `Ta`-வைக் கூடுதலாக எடுத்தால் வால் தொங்கும்.

சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பாதீர்கள். கட்டையை அளக்கும் அதே தெர்மோகப்பிளை, அதே மீட்டரோடு, விசிறிக் காற்றில் பிடித்து `Ta` எடுங்கள். மீட்டர் எல்லாவற்றையும் அரை டிகிரி கூட்டிக் காட்டினாலும் கழிக்கும்போது அந்தப் பிழை போய்விடும். ஏசி அறையில் செய்தால் வேறு தொல்லை. ஏசி விட்டுவிட்டு ஓடுவதால் காற்றே ஒரு டிகிரி அளவுக்கு ஏறி இறங்கும், வரைபடத்தில் மெல்லிய அலை தெரியும். அந்தப் பத்து நிமிடம் ஏசியை அணைத்துவிடுங்கள். வித்தியாசம் தொடக்கத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்குக் கீழே போனால் அளப்பது கட்டையை அல்ல, `Ta`-வின் பிழையைத்தான்.

தெர்மோகப்பிள் கொஞ்சம் தாமதமாத்தானே காட்டும்? அதுக்குத் திருத்தம் போடணுமா?

இந்தச் சோதனையில் வேண்டாம். காரணம் கொஞ்சம் அழகானது. நம் கட்டையின் கால மாறிலி, அதாவது சரிவின் தலைகீழ், 400 நொடி. தெர்மோகப்பிள் 5 நொடி பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நொடிகள் கழிந்த பிறகு அது காட்டும் வித்தியாசம் உண்மையைவிட எப்போதும் 1.3 விழுக்காடு கூடுதலாக இருக்கும். 50-ல் 0.6 டிகிரி, 11-ல் 0.14 டிகிரி. விகிதம் ஒன்றே என்பதால் மடக்கை எடுத்தால் கோடு முழுவதும் ஒரே அளவு மேலே நகரும், சரிவு அப்படியே இருக்கும்.

தாமதம் கெடுக்காது. துளைக்குள் தளர்வாகக் கிடக்கும் முனைதான் கெடுக்கும். அது கட்டைக்கும் காற்றுக்கும் நடுவே எதையோ காட்டிக்கொண்டிருக்கும். வெப்பப் பசை ஒரு பொட்டு வைத்து அடைத்துவிடுங்கள்.

ஒயர் வழியா வெப்பம் ஓடிடாதா?

ஓடும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. நம் கட்டையின் `hA` 0.16, அதாவது டிகிரிக்கு 0.16 வாட். அரை மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டும் சேர்ந்து அதில் சிறு பங்கைத்தான் எடுக்கின்றன. ஆனால் 3 மில்லிமீட்டர் எஃகு உறை போட்ட தடித்த ஆய்முனையைச் செருகினால், என் கணக்கில், விசிறிக் காற்றில் இரண்டு மூன்று விழுக்காடு போகும். விசிறியை நிறுத்தினால் கட்டையின் பங்கு சுருங்கிவிடுவதால் அதே ஆய்முனை எட்டு விழுக்காடு வரை தின்னும். அசைவற்ற காற்றில் அளக்கப்போகிறவர்கள் மெல்லிய கம்பிக்கு மாறத்தான் வேண்டும்.

விசிறியை நிறுத்திட்டு எடுத்தா கோடு நேரா வரவே மாட்டேங்குது. என் அளவீடு தப்பா?

அளவீடு சரி, h மாறாதது என்ற அனுமானம்தான் தப்பு. விசிறி இல்லாதபோது காற்றை நகர்த்துவது கட்டையின் சூடே. சூடு குறையக் குறைய காற்றின் ஓட்டமும் தளரும். இப்படிப்பட்ட இயல்பு வெப்பச்சலனத்தில் h ஏறத்தாழ வித்தியாசத்தின் கால் அடுக்குப்படி போகும். வித்தியாசம் 50-லிருந்து 10-க்கு வரும்போது h மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நம் கட்டைக்குத் தொடக்கத்தில் 10, முடிவில் 7 என்ற அளவில் எதிர்பாருங்கள்.

நியூட்டன் 1701-ல் இந்த விதியை வெளியிட்டபோது பழுக்கக் காய்ச்சிய இரும்பை அசையாத காற்றில் வைக்கவில்லை, சீராக வீசும் காற்றில்தான் வைத்தார். தேய்வு விதி சரியாகப் பொருந்தும் நிலை அதுதான். பின்னர் பிரான்சில் டூலாங், பெட்டீ என்ற இரண்டு அறிஞர்கள் அசையாத காற்றுக்கு வெப்ப இழப்பு வித்தியாசத்தின் 1.233 அடுக்காகப் போகிறது என்று கண்டார்கள். நாம் இன்று போடும் 1.25-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முழு வளைகோட்டுக்கும் ஒரே h கொடுக்காமல் துண்டு துண்டாகச் சரிவு எடுத்து, இந்த வித்தியாசத்தில் இவ்வளவு h என்று எழுதுங்கள். வித்தியாசத்தின் மைனஸ் கால் அடுக்கை நேரத்துக்கு எதிராக வரைந்தும் பார்க்கலாம். கதிர்வீச்சு சிறிதாக இருந்தால் அது நேர்கோடாக வரும்.

`Ta` குறைவா எடுத்தாலும் கோடு தட்டையாகுது, இதுலயும் தட்டையாகுது. எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

நல்ல கேள்வி, பலருக்கும் தோன்றாதது. வளைவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். `Ta` ஒரு டிகிரி குறைந்திருந்தால் வித்தியாசம் 50 இருக்கும் இடத்தில் சரிவு 2 விழுக்காடுதான் பாதிக்கப்படும், 10-ல் 9 விழுக்காடு. அதாவது மேல்பாதி நேராகவே இருக்கும், வாலில் மட்டும் வளைவு. இயல்பு வெப்பச்சலனத்தில் 50-லிருந்து 25-க்கு வருவதற்குள்ளேயே சரிவு 16 விழுக்காடு இறங்கிவிடும். முதல் அளவிலிருந்தே கோடு வளையும்.

இன்னும் ஐயம் இருந்தால் கட்டையை அப்படியே இரவு முழுக்கத் தொங்கவிட்டுக் காலையில் பாருங்கள். அது காட்டும் எண் காற்றை அளந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்த h-ல கதிர்வீச்சும் சேர்ந்திருக்கா?

சேர்ந்துதான் இருக்கிறது. கட்டைக்கு வெப்பம் எந்த வழியில் போனது என்று தெரியாது, போனது மட்டும்தான் தெரியும். கட்டை 60 டிகிரி, அறை 30 டிகிரி என்றால் கதிர்வீச்சின் பங்கு 7.3-ஐ உமிழ்திறனால் பெருக்கியது. பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் 0.1 என்று எடுத்தால் 0.7 வருகிறது. 30.3-ல் அதைக் கழித்தால் காற்றின் பங்கு 29.6. பெரிய விஷயமில்லை.

ஆனால் அதே கட்டைக்கு மங்கலான கறுப்பு வண்ணம் அடித்தால் உமிழ்திறன் 0.95-க்குப் போகும், கதிர்வீச்சு 6.9 ஆகும். விசிறி முன் h 36 அல்லது 37 காட்டும். விசிறி இல்லாத நிலையில் கதிர்வீச்சும் காற்றும் கிட்டத்தட்ட சரிபாதி. எனக்குப் பிடித்த சரிபார்ப்பு இதுதான்: வண்ணம் இல்லாமல் ஒருமுறை, வண்ணம் அடித்து ஒருமுறை, விசிறியை நகர்த்தாமல் எடுங்கள். இரண்டு h-க்கும் வித்தியாசம் 6 சொச்சம் வர வேண்டும். வராவிட்டால் எடையோ பரப்போ `Ta`-வோ எங்கோ இடறியிருக்கிறது.

கடைசியில 30.28-ன்னு எழுதலாமா?

வேண்டாம். அலுமினியக் கலவை எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் தன்வெப்பத்திலேயே 2 விழுக்காடு ஐயம். `Ta` 0.3 டிகிரி பிசகினால் 1.3. சரிவில் 1, பரப்பில் 0.7. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் மூன்று விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வரும். ஆகவே 30, கூட்டல் கழித்தல் 1. எக்செல் எத்தனை தசம இடம் காட்டுகிறது என்பது நம் சோதனைக்குச் சம்பந்தமில்லாதது.

புத்தகச் சூத்திரத்துல போட்டா 26 வருது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் நீண்ட சதுரக் கம்பிக்கு, சீரான காற்றோட்டத்தில் எடுத்த சூத்திரம். மேசை விசிறியின் காற்று சுழன்று கொந்தளித்து வருகிறது. அது h-ஐக் கூட்டும். அந்தச் சூத்திரங்களே 15, 20 விழுக்காடு விலகக்கூடியவை. 26-க்கும் 30-க்கும் சண்டை போட வேண்டாம். 26-க்கும் 60-க்கும் என்றால் ஈரக் கட்டை கதையைத் திரும்பப் படியுங்கள்.

இதே கட்டையைத் தண்ணீர்ல போட்டு h எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எல்லாம் வேகமாக நடக்கும். நீரில் h சில நூறிலிருந்து ஆயிரம் வரை போகும். 800 என்று வைத்தால் கால மாறிலி 15 நொடிதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு அளவு என்ற பேச்சே இல்லை, நொடிக்கு சில அளவுகள் பதிவாக வேண்டும். தெர்மோகப்பிள் தாமதம் கெடுக்காது என்று மேலே சொன்னது இங்கே செல்லாது. 5 நொடி தாமதம் 15 நொடிக்கு முன்னால் சிறியதல்ல. அது அடங்குவதற்குள் வளைகோட்டின் நல்ல பகுதி போய்விடும். மெல்லிய, வேகமான முனை வேண்டும். பியோ எண் அலுமினியத்துக்கு 0.02, அது பரவாயில்லை. எஃகுக் கட்டைக்கு 0.27 ஆகிவிடும், அதை எடுக்காதீர்கள்.

பாத்திரத்தையும் பாருங்கள். கட்டை 50 டிகிரி இறங்கும்போது 3,300 ஜூல் அளவு நீருக்குப் போகிறது. ஒரு லிட்டர் நீர் அதனால் 0.8 டிகிரி ஏறும். `Ta` ஒரு டிகிரி தவறினால் என்ன ஆகும் என்று பார்த்தோமே, அதே கதை. பத்து லிட்டர் வாளி எடுத்தால் ஏற்றம் 0.08 டிகிரி.

அப்போ வாளியைக் கலக்கிக்கிட்டே இருக்கணுமா?

கலக்கினால் விசிறி போட்ட மாதிரி, கோடு நேராக வரும், h கூடும். கலக்காவிட்டால் விசிறி நிறுத்திய கேள்வியில் சொன்ன வளைவு இங்கேயும் வரும். எதைச் செய்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அதையே செய்யுங்கள். பாதியில் கையை நிறுத்தினால் சரிவு அந்த நொடியிலேயே உடையும், வரைபடத்தில் அந்த முறிவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.